12 லட்சம் வரை வரி இல்லைன்னாங்க, தோப்பு வருமானத்தைப் போட்டதும் 41,600 கேக்குது, எப்படிங்க?

தோப்புக்காரன்_ஆனைமலை
எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில வேலை, 2025-26க்கு சம்பளம் 11.75 லட்சம், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக சுத்தமா 11 லட்சம். புது ரெஜிம்தான். 12 லட்சத்துக்குள்ளதான இருக்குன்னு ஆபீஸ்ல டிடிஎஸ் ஒரு ரூபா பிடிக்கல. அப்பா ரெண்டு வருஷம் முன்னால தவறிட்டாருங்க, ஆனைமலை பக்கம் 6 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, இப்ப நான்தான் பாத்துக்கறேன். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருஷம் 100 காய் சுமாரா, இந்த வருஷம் எல்லா வெட்டும் சேத்து சராசரி 20 ரூபா கிடைச்சுது, அதுல வெட்டுக்கூலி, உரம், உழவு, தோப்புல இருக்கறவருக்கு சம்பளம் எல்லாம் 2.4 லட்சம் போக கையில 6 லட்சம். நேர்மையா காட்டிருவோம்னு ரிட்டர்ன்ல விவசாய வருமானம் 6 லட்சம்னு போட்டேன், உடனே கட்ட வேண்டிய வரி 41,600னு காட்டுது, வட்டி வேற தனி. அந்த ஆறு லட்சத்தை எடுத்துட்டா பூஜ்யம். விவசாயத்துக்கு வரியே கிடையாதுன்னுதான சின்ன வயசுல இருந்து சொல்றாங்க?

கவிதா_ஓஎம்ஆர்
கண்டிப்பா போர்ட்டல் கோளாறுதான் சார். விவசாய வருமானம் முழுசா எக்ஸெம்ப்ட், செக்‌ஷன் 10(1), இதுல ரெண்டு பேச்சே இல்ல. எங்க சித்தப்பா தஞ்சாவூர்ல நெல்லு போடறாரு, இத்தனை வருஷத்துல ஒரு பைசா கட்டினது இல்ல. பேசாம 5,000க்குள்ள போட்டுட்டு ITR-1ல ஃபைல் பண்ணிடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

கணக்குப்புள்ள_மதுரை
கோளாறு இல்லம்மா, கணக்கு சரியாத்தான் வருது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்கறது உண்மை, ஆனா அதோட கூட வேற வருமானமும் இருந்தா, அந்த வேற வருமானத்துக்கு என்ன ரேட்டுங்கறதை முடிவு பண்றப்ப விவசாயப் பணத்தையும் கணக்குல எடுத்துக்குவாங்க. விவசாயம் 5,000ஐத் தாண்டணும், மத்த வருமானம் அடிப்படை விலக்கான 4 லட்சத்தைத் தாண்டணும், ரெண்டும் இருந்தாதான் இது வரும். உங்க சித்தப்பாவுக்கு சம்பளம் கிடையாது, அதனால அவருக்கு இது வரவே வராது.

தோப்புக்காரர் கணக்கையே போட்டுப் பாப்போம். முதல்ல 11ஐயும் 6ஐயும் கூட்டி 17 லட்சத்துக்கு வரி பாக்கறாங்க: 4ல இருந்து 8 வரை 5 சதவீதம் 20,000, 8-12க்கு 10 சதவீதம் 40,000, 12-16க்கு 15 சதவீதம் 60,000, மிச்சம் ஒரு லட்சத்துக்கு 20 சதவீதம் 20,000, மொத்தம் 1,40,000. அடுத்து விவசாயம் 6 லட்சத்தோட விலக்கு 4 லட்சத்தைக் கூட்டி 10 லட்சத்துக்கு வரி, அது 40,000. இதை அதுல கழிச்சா 1,00,000. ஸ்க்ரீன்ல `Rebate on agricultural income`னு ஒரு வரில 40,000 நிக்கும் பாருங்க, அதுதான் இது. அப்புறம் 12 லட்சத்துக்குள்ள இருக்கறவங்களுக்குத் தர்ற 87A தள்ளுபடி, அது அதிகபட்சம் 60,000தான். ஒரு லட்சத்துல அறுபது போக நாப்பதாயிரம், 4 சதவீதம் செஸ் 1,600, ஆக 41,600.

எளிமையா சொன்னா விவசாயப் பணத்தை அடியில வெச்சுட்டு உங்க சம்பளத்தை அது மேல ஏத்தி வெக்கறாங்க. சம்பளம் மட்டும் இருந்தா 4 லட்சத்துல இருந்து 11 லட்சம் வரைக்கும் உள்ள ஸ்லாப்ல உக்காந்திருக்கும். இப்ப அதே ஏழு லட்சம் 10ல இருந்து 17 வரைக்கும் உள்ள இடத்துல போய் உக்காருது. தேங்காய்க்கு வரி போடல, தேங்காய் உங்க சம்பளத்தைத் தூக்கி விட்டுருச்சு.

இன்னொண்ணு, அந்த 5,000 யோசனை வேண்டாம். தேங்காய் வியாபாரி பேங்க்ல போட்ட பணம் அப்படியே நிக்குது, நாளைக்கு அதைக் கேட்டா விவசாயம்னு சொல்ல உங்க கையில ஒண்ணும் இருக்காது, நீங்களே 5,000தான்னு எழுதிக் கொடுத்திருப்பீங்க.

தோப்புக்காரன்_ஆனைமலை
அண்ணா இப்பத்தான் வெளங்குச்சு, ரொம்ப நன்றிங்க. ஆனா வயிறு எரியுதுங்க. 12 லட்சம் வரை இல்லைன்னு டிவில எல்லாம் சொன்னப்ப இதை ஒருத்தரும் சொல்லலியே.

கணக்குப்புள்ள_மதுரை
அந்த 12 லட்சம்ங்கறது ஸ்லாப் இல்லீங்க, தள்ளுபடி. ஸ்லாப் 4 லட்சத்துலயே ஆரம்பிச்சுருது. வரி 60,000க்குள்ள இருக்கற வரைக்கும் தள்ளுபடி அதை மூடி மறைச்சுடும், வெளில தெரியாது. விவசாய வருமானம் உள்ள வந்தா வரி 60,000ஐத் தாண்டலாம், அப்படித் தாண்டின மிச்சம் வெளில தெரியும். சம்பளக்காரங்க நிறைய பேர் இதுல மாட்டறது அதனாலதான், ஆபீஸ்ல தோப்பைப் பத்தித் தெரியாது, டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க, அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும்னு நமக்கும் தெரியாது, கடைசில வட்டியோட வந்து நிக்கும். 10,000க்கு மேல வரி வரும்னு தெரிஞ்சா அந்தந்த தவணைலயே கட்டிடணும், இல்லாட்டி ஆபீஸ்லயே தோப்பு வருமானத்தை முன்கூட்டி எழுதிக் கொடுத்து சம்பளத்துல பிடிக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கலாம்.

நியாயம்_வேணும்
இவர்கிட்ட 41,600 புடுங்கறாங்க, கோடிக்கணக்குல விவசாயம்னு காட்டற அரசியல்வாதி நடிகன்லாம் பைசா கட்டறதில்ல. விவசாய விலக்கே கருப்பை வெள்ளையாக்கத்தான் வெச்சிருக்காங்க, அதை மொத்தமா எடுத்துட்டு எல்லா விவசாயிக்கும் சம்பளக்காரன் மாதிரி வரி போட்டா நாட்டுக்கு எவ்வளவோ லட்சம் கோடி வரும்.

கணக்குப்புள்ள_மதுரை
முதல் பாதி சரி. சிஏஜி 2019ல ஒரு ரிப்போர்ட் கொடுத்தாங்க, விவசாய வருமான விலக்கு கேட்ட கேஸ்கள எடுத்துப் பாத்ததுல சுமார் 22 சதவீதத்துல நிலப் பத்திரமோ வரவு செலவோ சரியாப் பாக்காமலே ஆபீசர் விலக்கு கொடுத்திருக்காருன்னு. ஏமாத்தறதைக் கண்டுபிடிக்கறது அப்படி ஒண்ணும் கஷ்டமும் இல்ல, தோப்புக்காரர் சொன்ன கணக்கையே பாருங்க, 6 ஏக்கர் 420 மரம் 42,000 காய், இதுல ஒருத்தர் 60 லட்சம் வந்துச்சுன்னு காட்டினா ஒரு காய் 140 ரூபாய்க்கு மேல வித்திருக்கணும். ரிட்டர்ன்ல விவசாயம் 5 லட்சத்தைத் தாண்டினா `Schedule EI`ல நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியான்னு கேக்கறது இதுக்குத்தான். கேட்டு வாங்கறாங்க, யாராவது உக்காந்து பெருக்கிப் பாக்கறாங்களாங்கறதுதான் கேள்வி.

ரெண்டாவது பாதி அப்படி இல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி நாட்டுல 86 சதவீதம் நிலம் வெச்சிருக்கறவங்க ரெண்டு ஹெக்டேருக்குக் கீழ, தமிழ்நாட்டுல சராசரி முக்கால் ஹெக்டேர். இவங்ககிட்ட 4 லட்சம் விலக்குக்கு மேல எங்க வரும்? எல்லாருக்கும் போட்டாலும் கட்டப் போறது மேல இருக்கற கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர்ல தோப்பு மட்டுமே வெச்சுட்டு வருஷம் 50 லட்சம் சம்பாதிக்கறவருக்கு இன்னிக்கு பூஜ்யம், 11 லட்சம் சம்பளத்தோட ஆறு ஏக்கர் வெச்சிருக்கறவருக்கு 41,600. உங்களுக்குக் கோவம் வரணும்னா அங்க வரணும்.

கவிதா_ஓஎம்ஆர்
சரி அப்ப மத்திய அரசு அந்த 50 லட்சக்காரருக்கு நேரா போட்டுட வேண்டியதுதான, எதுக்கு இப்படி சுத்தி வளைச்சு சம்பளத்தைத் தூக்கி விடணும்?

கணக்குப்புள்ள_மதுரை
போட முடியாதும்மா, அதிகாரமே இல்ல. அரசியல் சாசனத்துல மத்தியப் பட்டியல் 82வது இனம் "விவசாய வருமானம் நீங்கலான" வருமான வரிங்குது, மாநிலப் பட்டியல் 46வது இனம் விவசாய வருமான வரியை மாநிலத்துக்குக் கொடுத்திருக்கு.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. 1857 கலகத்துல கஜானா காலியாகி 1860ல ஜேம்ஸ் வில்சன் முதல் முதலா வருமான வரி கொண்டு வந்தப்ப விவசாயத்துக்கும் சேத்துத்தான் போட்டாரு. 1886 சட்டத்துல விவசாயத்தை விட்டுட்டாங்க. அப்ப நிலவரிதான் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம், விளையறதுல ஒரு பங்கை ஏற்கெனவே கிஸ்தியா வாங்கிட்டு மறுபடி வருமான வரியும் கேட்டா ஒரே பணத்துக்கு ரெண்டு வரின்னு ஒரு வாதம், ஜமீன்தாருங்களைப் பகைச்சுக்கக் கூடாதுன்னும் ஒரு கணக்கு. 1935 சட்டத்துல விவசாய வரி மாகாணங்களுக்குப் போச்சு, 1938ல பீகார் முதல்ல போட்டாங்க. சுதந்திரத்துக்கப்புறம் அதே பிரிவினையை அப்படியே சாசனத்துல எழுதிட்டாங்க. இப்ப கிஸ்தி டீக்காசு அளவுக்குக்கூட இல்ல, விலக்கு மட்டும் அப்படியே நிக்குது.

சுத்தி வளைச்சது 1973ல. அதுக்கு முந்தின வருஷம், விவசாய வருமானத்துக்கு எப்படி வரி போடலாம்னு பாக்க மத்திய அரசு போட்ட கே.என்.ராஜ் கமிட்டி ரெண்டு விஷயம் சொன்னாங்க. நிலத்தோட விளைச்சல் திறனை வெச்சு மாநிலங்கள் ஒரு வரி போடணும்கறது ஒண்ணு, ரேட்டுக்காக மட்டும் விவசாயத்தைக் கூட்டிப் பாக்கறது இன்னொண்ணு. முதல் யோசனை மாநிலங்கள் கைல, அவங்க தொடல, ஓட்டு போயிரும்ல. ரெண்டாவது மத்திய அரசால முடிஞ்சது, விவசாயத்துக்கு வரி போடாமலே மத்த வருமானத்தோட ரேட்டை ஏத்தறதால சாசனமும் இடிக்காது. தோப்புக்காரர் இன்னிக்கு மாட்டினது அந்த ரெண்டாவதுல.

முருகேசு_மில்டுரா
ஆஸ்திரேலியால இருந்து எழுதறேன், இங்க திராட்சைத் தோட்டத்துல மேனேஜரா இருக்கேன். இங்க விவசாயிக்கு விலக்கே கிடையாது, எல்லாருக்கும் ஒரே வரிதான், ஆனா விவசாய வருமானம் ஒரு வருஷம் கொட்டும் ஒரு வருஷம் காயும்னு ஒத்துக்கிட்டு அதுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. ஒண்ணு, அஞ்சு வருஷ சராசரி எடுத்து அந்த ரேட்ல வரி. இன்னொண்ணு பார்ம் மேனேஜ்மென்ட் டெபாசிட்னு, நல்ல வருஷத்துல பேங்க்ல போட்டா அந்த வருஷ வருமானத்துல கழிச்சுக்கலாம், வறட்சி வருஷத்துல எடுக்கும்போது வருமானமா சேத்து வரி கட்டணும், அப்ப ரேட் கம்மியா இருக்கும். ஒரு ஆளுக்கு 8 லட்சம் டாலர் வரைக்கும், பொதுவா 12 மாசமாவது வெச்சிருக்கணும். விவசாயம் இல்லாத வருமானம் லட்சம் டாலரைத் தாண்டினா அந்த வருஷம் போட முடியாது, அதாவது சிட்னி டாக்டர் பேருக்கு ஒரு தோட்டம் வாங்கி இதுல ஒளிஞ்சுக்க முடியாது. எங்க முதலாளி ஆலங்கட்டி மழைல பழம் போன வருஷம் இதுல இருந்துதான் எடுத்து ஓட்டினாரு. ஊர்ல முழு விலக்கைக் கொடுத்துட்டு இந்த ஏத்த இறக்கத்துக்கு ஒண்ணுமே பண்ணாம விட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

தோப்புக்காரன்_ஆனைமலை
அண்ணா நீங்க சொல்றது அப்படியே பொருந்துதுங்க. போன வருஷத்துக்கு முந்தி வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரும்பூசணம் புடிச்சு காய் பாதியாயிருச்சு, வேர்வாடல்ல போன மரத்தை வெட்டி புதுக் கன்னு வெச்சதுல அந்த வருஷம் கையை விட்டு 80,000 போச்சு. அந்த நஷ்டத்தை இந்த வருஷ சம்பளத்துல கழிக்க முடியுங்களா?

கணக்குப்புள்ள_மதுரை
சம்பளத்துல முடியாது. ஆனா அடுத்த எட்டு வருஷ விவசாய லாபத்துல கழிக்கலாம், அப்ப ரேட்டுக்காகக் கூட்டற 6 லட்சம் 5.2 ஆகும். அந்த வருஷ ரிட்டர்ன்ல நஷ்டம்னு காட்டினீங்களா, செலவுக்கு பில் இருக்கா? முருகேசு சொன்ன சராசரிக்கு நம்மகிட்ட இருக்கறது இது மட்டும்தான்.

செக்கு_ராணி
நடுவுல ஒரு சந்தேகம். நாங்க காங்கேயம் பக்கம், சொந்தத் தோப்புக் காயைக் களத்துல காயப்போட்டு கொப்பரையாக்கி சொந்த மரச்செக்குல ஆட்டி எண்ணெய் பாட்டில் போட்டு விக்கறோம், நாலு மாடும் இருக்கு. எல்லாம் எங்க நிலத்துல விளைஞ்சதுதான, மொத்தமும் விவசாயம்னு போடலாமா?

கணக்குப்புள்ள_மதுரை
போட முடியாதுங்க. சந்தைக்குக் கொண்டு போறதுக்கு ஒரு விவசாயி வழக்கமா செய்யற வேலை வரைக்கும்தான் விவசாயம். எண்ணெய் ஆட்டறது அதைத் தாண்டிருச்சு. செக்குக்குப் போன பொருளோட அன்னிக்கு இருந்த சந்தை விலை எவ்வளவோ அது விவசாய வரவு, அதுக்கு மேல எண்ணெய்ல கிடைக்கற லாபம் பிசினஸ். அதனால செக்குக்குப் போட்ட அன்னிக்கு மார்க்கெட் ரேட்டை ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, சண்டை வர்றது எப்பவும் அந்த விலைலதான். தேயிலைல இந்த சண்டையே வேண்டாம்னு 60 விவசாயம் 40 பிசினஸ்னு ரூல்லயே எழுதிட்டாங்க. மாட்டுப்பால் விவசாயத்துல வராது, 1957ல பினய் குமார் சகாஸ் ராய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு உழறது விதைக்கறது நடறது மாதிரி நிலத்துலயே உழைப்பு போடணும்னு சொல்லிருச்சு.

செக்கு_ராணி
கொப்பரை காயப்போடறது எந்தப் பக்கம் வரும்?

கணக்குப்புள்ள_மதுரை
அதுலதான் வாதம் இருக்கு. உங்க பக்கத்துல எல்லாரும் கொப்பரையாத்தான் விக்கறாங்கன்னா விவசாயம்னு நிக்கலாம். பச்சைக் காயாவே நல்லா விலை போகுதேன்னு ஆபீசர் கேட்டா பதில் சொல்லணும். நான் விவசாயம்னுதான் போடுவேன், எல்லா ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டாங்க.

பெரியசாமி_பல்லடம்
நானும் விவசாயிதான். நெகமம் பக்கம் நிலத்தை வித்தா வரி உண்டா இல்லியா? ஒரு கோடிக்கு பேசியிருக்கு.

கணக்குப்புள்ள_மதுரை
ஐயா இது வேற சமாச்சாரம், நிலம் விக்கறது விவசாய வருமானமே இல்ல. நகராட்சி எல்லைல இருந்து நேர்கோட்டுல எவ்வளவு தூரம்னு பாருங்க. மக்கள்தொகை பத்தாயிரத்துல இருந்து லட்சம் வரைக்கும்னா 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதுக்கு மேல 8. பொள்ளாச்சி 2011 கணக்குல லட்சத்துக்குக் கீழ, அதனால அங்கிருந்து 2, கோயமுத்தூர் மாநகராட்சில இருந்து 8. பக்கத்துல இருக்கற டவுனுக்கு எல்லாம் தனித்தனியா பாத்து எதுலயும் மாட்டலைன்னா வரி இல்ல. தனி இழை போடுங்க, இங்க வேண்டாம்.

நியாயம்_வேணும்
பாகிஸ்தான்லயே பண்ணையாருக்கு வரி போட்டாச்சு. நம்மால ஏன் முடியல?

கணக்குப்புள்ள_மதுரை
போட்டாங்க, ஆனா அவங்களா போடல. அவங்களுக்கும் அதே 1935 சட்டத்தோட மிச்சம்தான், விவசாய வரி மாகாணங்கள் கைல. பேருக்கு ஒரு சட்டம், வசூல் சொற்பம். 2024ல ஐஎம்எஃப் 7 பில்லியன் டாலர் கடனுக்கு இதை நிபந்தனையா வெச்சாங்க, பஞ்சாப் 2024 நவம்பர்ல, மத்த மாகாணங்கள் 2025 ஆரம்பத்துல சட்டம் கொண்டு வந்து மேல்மட்ட ரேட்டை 45 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. ரேட் எழுதறது ஒரு நாள் வேலை. யாரு எவ்வளவு வெளைய வெச்சாங்க, மண்டில ரொக்கமா எவ்வளவு வாங்கினாங்கன்னு கண்டுபிடிக்க ஆள் வேணும், நிலப்பதிவு சரியா இருக்கணும். அங்க அது நடக்குதாங்கறதைப் பாத்துட்டுத்தான் பேசணும்.

முருகேசு_மில்டுரா
இங்க முடியறதுக்குக் காரணமே அதுதான், பழம் வாங்கற கம்பெனில இருந்து எல்லாம் பில்லு, எல்லாம் பேங்க்ல. ரொக்கத்துல ஓடற ஊர்ல அஞ்சு வருஷ சராசரின்னா எதோட சராசரி?

நியாயம்_வேணும்
ஜிஎஸ்டி பில், யூபிஐ எல்லாம் வந்தாச்சு, இன்னும் ரொக்கம் ரொக்கம்னு சொல்லிட்டே இருங்க. மனசு இல்ல, அவ்வளவுதான்.

தோப்புக்காரன்_ஆனைமலை
கணக்குப்புள்ள அண்ணா, ஒண்ணு கேக்க மறந்துட்டேங்க. அப்பா உயில் எதும் எழுதல. பட்டா இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. அம்மா இருக்காங்க, ஒரு தங்கச்சி, கல்யாணமாகி திருப்பூர்ல. தோப்புப் பணம் மொத்தமும் என் அக்கவுண்ட்லதான் வருது. இது ஏதாவது மாத்துமா?

கணக்குப்புள்ள_மதுரை
தம்பி, இதை முதல்லயே சொல்லியிருக்கணும், மொத்தக் கணக்கும் மாறுது. அப்பா சொந்தமா வாங்கின நிலம், உயில் இல்லைன்னா மனைவி, மகன், மகள் மூணு பேருக்கும் சமபங்கு. வருமானமும் அப்படித்தான். உங்க பங்கு 2 லட்சம். அப்ப 13 லட்சத்துக்கு வரி 75,000, அதுல 4+2 ஆறு லட்சத்துக்கான 10,000 போக 65,000, தள்ளுபடி 60,000 போக 5,000, செஸ்ஸோட 5,200. அம்மாவுக்கு வேற வருமானம் இல்லைன்னா அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. தாத்தா காலத்து நிலம்னா பங்கு வேற மாதிரி வரும், பத்திரத்தை எடுத்துட்டுப் போய் பக்கத்துல ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

ஆனா காகிதத்துல மட்டும் பிரிக்காதீங்க. அவங்க பங்குப் பணம் அவங்க அக்கவுண்டுக்குப் போகணும்.

தோப்புக்காரன்_ஆனைமலை
தாத்தா நிலம் இல்லீங்க, அப்பா வாங்கினது. ஆனா சிக்கல் என்னன்னா தங்கச்சிக்கு கல்யாணத்துல நகை போட்டாச்சுன்னு சொல்லி அவ விடுதலைப் பத்திரம் எழுதித் தர்றதா பேச்சு. இன்னும் எழுதல.

செக்கு_ராணி
வரிக்கு மட்டும் தங்கச்சி பங்குதாரரா, தம்பி? பங்கு உண்டுன்னு ரிட்டர்ன்ல எழுதினா பணத்தையும் அனுப்புங்க.

கவிதா_ஓஎம்ஆர்
👆 இதுக்கு ஒரு லைக்.

கணக்குப்புள்ள_மதுரை
அவங்க சொல்றது சட்டப்படியும் சரி. விடுதலை எழுதற வரைக்கும் அந்த 2 லட்சம் தங்கச்சியோடது. எழுதின தேதில இருந்து அவங்க பங்கு உங்களுக்கு வரும், அம்மாவும் எழுதிக் கொடுத்துட்டா முழு 6 லட்சமும் உங்க தலைல, 41,600 திரும்ப வந்துரும். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க, ரிட்டர்னுக்குக் கடைசி தேதி ஜூலை 31.

தோப்புக்காரன்_ஆனைமலை
ஞாயித்துக்கெழமை தங்கச்சி வர்றா. வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வரச் சொல்லியிருக்கேங்க. அம்மாதான் எதுக்குன்னு கேட்டுட்டே இருக்காங்க.